கேசட்டில் அளந்த சமையல்

தீபாவளிக்கு நாற்பது பேர் கூடுகிற வீட்டிலே சமையல் நடக்கும்போது எந்தப் பாட்டு ஒலிக்கலாம், எது ஒலிக்கலாகாது என்பதற்கு என் தாயார் வகுத்திருந்த சட்டங்கள் எந்தச் சங்கீத சாஸ்திர நூலிலும் இல்லாதவை. ஆயினும் ஓவேலியில் எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் அவை மீற முடியாத விதிகளாகவே இருந்து வந்தன. ஆக்டர்லோனி என்ற வெள்ளைக்காரக் குடும்பத்தின் பெயரிலே முதல் எழுத்தை மாத்திரம் வைத்துக்கொண்டு மிச்சத்தையெல்லாம் மழையிலே கரையவிட்ட அந்தப் பள்ளத்தாக்கில், தேயிலைச் சரிவுக்கு நடுவே, மின்சாரம் எட்டிப் பாராத ஒரு ஓட்டு வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையை விட்டுத் தலைமன்னாரிலே கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய லட்சக்கணக்கானவர்களில் என் பெற்றோரும் இருவர். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்த என் தகப்பனார், ஒரு டிரங்குப் பெட்டியையும், இரண்டு செப்புக் குடங்களையும், ஒரு டிரான்ஸிஸ்டர் வானொலியையும் மலையிலிருந்து மலைக்கு எடுத்து வந்தார். பின்னர் மாமா, அதாவது தாயாரின் தமையனார், கோழிக்கோட்டில் வாங்கி வந்து கொடுத்த டேப் ரெக்கார்டர் ஒன்றும் சேர்ந்துகொண்டது. அதிலே கேசட் மாற்றுகிற உத்தியோகம், எனக்குப் பதினொன்றாவது வயதில் கிடைத்தது.

அந்த உத்தியோகத்தின் முதற் கடமை, முந்தின நாள் முற்பகலில் ஒலியை அடியோடு நிறுத்திவிடுவதுதான். அரிசியும் உளுந்தும் அளக்கிற நேரம் அது. தாயார் படியைக் கையில் எடுத்து, முதற்படியை 'ஒன்று' என்று சொல்லாமல் பழைய வழக்கப்படி 'லாபம்' என்று சொல்லிப் போட்டு, பிறகு இரண்டு, மூன்று என்று எண்ணிச் செல்வார். ஒருமுறை மூன்றாம் படியின்போது பாட்டிலே ஏதோ ஓர் எண்ணிக்கை வந்து குறுக்கிட, அளந்தது மூன்றா நான்கா என்று தெரியாமல், குவித்த அரிசியை மறுபடி முறத்தில் அள்ளி லாபத்திலிருந்து ஆரம்பிக்க நேர்ந்தது. சொல் உள்ள பாட்டு எண்ணுகிறவர் வாயிலே புகுந்துவிடும் என்பது அன்று முதல் சட்டமாயிற்று. நான்கு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து என்ற கணக்கு இட்டலிக்கு. அதிலே ஒரு படி பிசகினால் மறுநாள் காலையில் நாற்பது பேர் கல்லைத் தின்ன வேண்டியதுதான்.

பிற்பகலில் ஆட்டுக்கல் உருள ஆரம்பிக்கும். சமவெளியிலே இட்டலி மாவை இரவு ஆட்டி வைத்தாலும் விடியற்காலையில் பொங்கி நிற்கும். ஐப்பசி மாதத்து ஓவேலிக் குளிரில் அது நடவாது. ஆகையால் நாங்கள் பிற்பகலிலேயே ஆட்டி முடித்து, பானையைக் கம்பளியாலும் சாக்காலும் போர்த்தி, அணைந்தும் அணையாத அடுப்பின் ஓரத்திலே இரவு முழுவதும் உட்கார்த்தி வைப்பது வழக்கம். ஆட்ட வேண்டிய மாவு அவ்வளவு இருந்தபடியால் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும்: அத்தை குழவியைச் சுற்றுவார், தாயார் வெளியே ஒதுங்குகிற மாவைக் கையால் குழிக்குள் தள்ளிவிடுவார். இந்தத் தள்ளிவிடுதலில்தான் அபாயம் இருக்கிறது. குழவி வரும் வேகத்தைக் கை மனப்பாடம் செய்துகொண்டு, அது கடந்த அரைக் கணத்தில் உள்ளே நுழைந்து வெளியே வந்துவிடுகிறது. சுற்றுகிறவரின் வேகம் திடீரென்று மாறினால் விரல் கல்லுக்கும் குழவிக்கும் இடையில் அகப்பட்டுக்கொள்ளும். சினிமாப் பாட்டிலே பல்லவி ஒரு நடையில் போய்க்கொண்டிருக்க, நடுவில் வாத்தியங்கள் மாத்திரம் ஒலிக்கிற இடத்தில் தாளம் துள்ளிக் குதிப்பது அந்தக் காலத்து வழக்கம். அத்தையின் கையும் தன்னையறியாமல் துள்ளும். தாயாரின் வலது கை மோதிர விரலில் நகத்தின் ஓரமாக ஒரு வடு உண்டு. அது எந்தப் படத்துப் பாட்டினால் வந்தது என்பதைக் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லுவார். நான் சொல்லப் போவதில்லை. அந்தச் சங்கீத டைரக்டர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஆகவே ஆட்டுக்கல்லுக்கு என்று ஒதுக்கப்பட்டவை, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே நடையிலே செல்லுகிற பாட்டுக்கள். சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாடல்கள் இதற்கு மிகவும் உகந்தவை என்பது தாயாரின் தீர்ப்பு. அவருடைய கண்டம் கல் உராய்கிற இரைச்சலையும் துளைத்துக்கொண்டு வரும் என்பதும் ஒரு காரணம். சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசமும் நடை பிசகாதது. அதற்கு மேல் ஆட்டுக்கல்லுக்குப் பொருத்தமான ஒன்றை யாரும் கற்பனை செய்ய முடியாது. ஆனால் அதைத் தொடக்கூடாது: சஷ்டி விரதம் தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் தொடங்குவது, அதற்கு முன் ஆட்டுக்கல்லுக்காக முருகனை அழைப்பது அபசாரம் என்று அத்தை தடுத்துவிட்டார்.

அந்தியில் வெங்காயம் உரிக்கிற வேலை. இங்கேதான் டேப் ரெக்கார்டருக்கு ஓய்வு. பகலெல்லாம் மலையின் மறைவிலே முனகிக்கொண்டிருந்த இலங்கை வானொலி, இருள் பரவப் பரவத் தெளிவு பெற்று, இரவிலே பக்கத்து வீட்டிலிருந்து பேசுவது போலக் கேட்கும். நடுத்தர அலைகள் இரவில் ஆகாயத்தின் மேல்தளத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தூரம் வருகின்றன என்ற விஞ்ஞானம் பின்னாலே படித்தது. தகப்பனார் அப்போது சொன்ன விளக்கம், 'பகலிலே அங்கேயும் எல்லாரும் கொழுந்து எடுக்கப் போய்விடுகிறார்கள்' என்பது. அந்த நிலையத்து அப்துல் ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியைப் போலவே, பெண்கள் முறத்தைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் பாட்டை நிறுத்துகிற எழுத்திலே அடுத்தவர் தொடங்க வேண்டும் என்ற விளையாட்டை ஆடுவார்கள். தோற்றவருக்கு இன்னொரு கிலோ சின்ன வெங்காயம். வெங்காயத்தினால் வந்த கண்ணீருடன் ஹட்டனையும் தலவாக்கலையையும் நினைத்து வந்த கண்ணீர் கலந்திருந்தால், அதைக் கண்டுபிடிக்க யாருக்கும் வழியில்லை. யானை நடமாட்டம் உள்ள ஊராகையால் வானொலியைத் திண்ணையிலே, சத்தமாக, வைப்பதும் உண்டு. மனிதர் குரல் கேட்டால் விலகிப் போகும் என்பது எங்கள் நம்பிக்கை. அது போனதும் உண்டு, போகாமல் வாழையைத் தின்றதும் உண்டு.

படுக்கப் போவதற்கு முன் எனக்கு ஒரு வேலை பாக்கி. டேப் ரெக்கார்டரின் பெரிய பேட்டரிகள் நான்கையும் கழற்றித் துணியிலே முடிந்து, போர்த்தியிருக்கும் மாவுப் பானைக்குப் பக்கத்தில், சூடு படாமல் வெதுவெதுப்பு மாத்திரம் படுகிற தூரத்தில் வைக்க வேண்டும். குளிரிலே கிடந்த பேட்டரி விடியற்காலையில் சுரத்தில்லாமல் இருக்கும். அடுப்போரத்தில் தூங்கியது விழித்தெழுந்து வேலை செய்யும். ஆகவே எங்கள் வீட்டில் மாவு புளித்ததும் சங்கீதம் பலம் பெற்றதும் ஒரே கம்பளிக்குக் கீழேதான்.

இனி அந்த ஒரு தீபாவளியைச் சொல்ல வேண்டும். 1981-ஆம் ஆண்டு. நான்கு மணிக்கு எண்ணெய் தேய்த்து ஸ்நானம் முடிந்து, ஆறு மணிக்குச் சற்று முன்பாக வானொலிப் பெட்டியைத் திருப்பினால், தம்பூராவின் மீட்டலோடு கூடிய அந்த அடையாள இசை முதலில் வரும். பம்பாய் நிலையத்தில் பணியாற்றிய வால்டர் காஃப்மன் என்னும் ஐரோப்பியர் 1930-களில் அமைத்ததாகச் சொல்லப்படும் அது, எங்கள் வீட்டில் 'அடுப்பை மூட்டு' என்பதற்கு மறுபெயராக இருந்தது. பிறகு வந்தே மாதரம், பிறகு கோயமுத்தூர் நிலையத்தின் மங்கள இசை. நாகஸ்வரத்தில் பூபாளமோ பௌளியோ ஒலிக்க, கவாத்து வெட்டிய தேயிலை மிலாறு அடுப்பிலே படபடவென்று பற்றிக்கொள்ளும். மிலாறு நல்ல விறகுதான், ஆனால் பொறுமையில்லாதது: குப்பென்று எரியும், சற்றுக் கவனம் தப்பினால் தணிந்துவிடும்.

வடைக்கான உளுந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறலாகாது. அதிகம் ஊறினால் எண்ணெய் குடிக்கும். அதனால் ஸ்நானத்துக்கு முன் ஊறப்போட்டு, மங்கள இசை முடிந்ததும் ஆட்டத் தொடங்கினோம். தண்ணீரை ஊற்றாமல் தெளித்துத் தெளித்து ஆட்டி, ஒரு சிட்டிகை மாவைக் கிண்ணத்துத் தண்ணீரிலே போட்டால் அது மிதக்க வேண்டும். ஒரு கிலோ உளுந்துக்கு எங்கள் கணக்கு, 90 நிமிஷக் கேசட்டின் ஒரு பக்கம், அதாவது 45 நிமிஷம். அந்த வீட்டில் சுவர்க் கடிகாரம் ஒன்று இருந்தது. ஆனால் அது கூடத்தில் இருந்தது, புகை நிறைந்த அடுப்பங்கரையிலிருந்து எழுந்து போய்ப் பார்க்க யாருக்கும் ஓய்வில்லை. ஆகையால் சமையலின் காலக் கணக்கு முழுவதும் கேசட்டிலே நடந்தது. 'அந்தப் பக்கம் முடிந்ததும் பருப்பை இறக்கு', 'காருகுறிச்சியார் முடிக்கும்போது தேங்காய்ப் பாலை விடு' என்றுதான் உத்தரவுகள் பிறக்கும்.

ஐந்து கிலோ ஆட்டுக்கறி திறந்த பாத்திரத்தில் வேக, ஈரோட்டிலிருந்து வரும் சின்னம்மாவின் கணக்கில் ஒரு முழுக் கேசட். ஓவேலியில் அது போதாது. கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடிக்கு மேல் இருக்கிற இடத்தில் தண்ணீர் 100 பாகை வரை போகாமல் ஏறத்தாழ 96, 97-லேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு மிலாறு திணித்தாலும் அதற்கு மேல் சூடேறாது, ஆவியாகித்தான் போகும். பொங்கிப் பொங்கிக் கொதிப்பதைப் பார்த்துச் சின்னம்மா 'வெந்துவிட்டது அக்கா' என்று இறக்கப் போவார். தாயார், கொதிப்பைக் கண்ணால் பார்த்து நம்பாதே என்பார். நுவரெலியா இன்னும் உயரம், அங்கே நீர் இன்னும் தாழ்ந்த சூட்டிலேயே கொதிக்கும் என்பதால் அவருக்கு இது பழகிய விஷயம். ஒரு முழுக் கேசட்டும், அதைத் திருப்பிப் போட்டு முதற் பக்கத்தில் பாதியும் ஆக வேண்டும். எலும்பிலிருந்து சதை விரலால் தொட்டதும் விலக வேண்டும்.

கேசட் கடிகாரத்திற்கு ஒரு தோஷம் உண்டு. பேட்டரி தளர்ந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும்; சுருதி இறங்கும், காலப்பிரமாணம் இழுபடும், 45 நிமிஷப் பக்கம் ஐம்பதையும் தாண்டும். பாட்டு தெரிந்தவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். ஆனால் வேலையில் ஆழ்ந்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிற சுருதி தெரிவதில்லை. 'டேய், பாடுகிறவருக்குச் சளி பிடித்திருக்கிறது, பேட்டரியைப் பார்' என்று தாயார் சொல்லுவார். எப்படித் தெரிகிறது என்று கேட்டதற்கு, அந்தப் பாட்டைத் தானும் கூடவே முனகிக்கொண்டிருப்பதாகவும், வழக்கமாக மூச்சு முட்டுகிற உச்ச ஸ்தாயி இடம் அன்று எளிதாக எட்டிவிட்டால் பேட்டரி தீருகிறது என்று அர்த்தமென்றும் சொன்னார். சங்கீதம் கற்ற என் தகப்பனாரின் நண்பர் ஒருவர் இதைக் கேட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

எல்லாவற்றிலும் கண்டிப்பான சட்டம் எண்ணெய்ச் சட்டியைப் பற்றியது. வடை எண்ணெயில் விழுந்தவுடன் சளசளவென்று உரத்த சத்தம் எழுகிறது; மாவிலுள்ள ஈரம் ஆவியாகி வெளியேறுகிற சத்தம் அது. ஈரம் குறையக் குறைய அந்த இரைச்சல் தணிந்து, மெல்லிய சிறு பொரிச்சலாக இறங்கும், குமிழிகளும் சிறுத்துவிடும். அந்த இறக்கத்தில்தான் வடையை எடுக்க வேண்டும். நிறத்தைப் பார்த்து எடுப்பது ஏமாற்றும். அதிலும் மிலாறு குப்பென்று எரிந்து எண்ணெய் முறுகக் காய்ந்துவிட்டால் வெளிப்புறம் பொன்னிறமாகிவிடும், உள்ளே மாவு மாவாகவே இருக்கும். புகை மண்டிய அடுப்பங்கரையில், மண்ணெண்ணெய் விளக்கொளியில், நிறத்தை எங்கே பார்ப்பது? காதுதான் கண். ஆகவே எண்ணெய் காய்கிற நேரத்தில் ஒலியைத் தணித்து, வார்த்தையும் தாளமும் இல்லாத ஒன்றை வைக்க வேண்டும். அதற்கு டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனைக்கு நிகரில்லை. தாளம் கிடையாது, ஆகவே கை பதறாது. வார்த்தை கிடையாது, ஆகவே மனம் ஓடாது. நாகஸ்வரத்தின் நாதம் அடியிலே நின்றுகொண்டு எண்ணெயின் பொரிச்சலுக்கு மேலே இடம் விட்டுவிடும். உலகம் போற்றிய தோடியை வடைக்குச் சுருதி கூட்டப் பயன்படுத்தினார்களே என்று ரசிகர்கள் கோபிக்கலாம். அந்தத் தோடியை நான் ஸ்வரம் ஸ்வரமாக மனப்பாடம் செய்தது அந்தச் சட்டிக்குப் பக்கத்திலேதான்.

அன்று தோடி ஓடிக்கொண்டிருந்தது. முதல் இரண்டு ஈடு வடை பழுதில்லாமல் வந்தது. மூன்றாவது ஈடு சட்டியிலே இறங்கிய சமயத்தில், கூடலூரிலிருந்து வரும் பேருந்தின் ஹாரன் சூண்டிப் பக்கம் வளைவிலே கேட்டது. பத்து நிமிஷத்திற்கெல்லாம் மாமா, மாமி, அவர்கள் பிள்ளைகள், கோத்தகிரிப் பெரியம்மா குடும்பம், சேரம்பாடியிலிருந்து சித்தப்பா என்று பதினாறு பேர் மழைச் சேற்றை மிதித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். மாமா உற்சாகமான மனிதர். டேப் ரெக்கார்டரை வாங்கிக் கொடுத்தவர் என்ற உரிமையும் அவருக்கு உண்டு.

"என்னடா மாப்பிள்ளை, தீபாவளியும் அதுவுமாய் வீட்டில் நாகஸ்வரம் அழுகிறது? இந்தா, இதைப் போடு" என்று சட்டைப் பையிலிருந்து புதுக் கேசட் ஒன்றை எடுத்து நீட்டினார். "அம்மா வடை..." என்று நான் இழுத்ததை அவர் காதில் வாங்கவில்லை. தாமே மூடியைத் திறந்து, ராஜரத்தினம் பிள்ளையை நிஷாதத்திலேயே நிறுத்திவிட்டு, தமது பாட்டைப் போட்டு, சத்தக் குமிழை அது திரும்புகிற மட்டும் திருப்பினார். கூடம் அதிர்ந்தது. பிள்ளைகள் ஆடினார்கள், பெரியம்மாகூடக் கையிலிருந்த பையை இறக்காமலே தோளை அசைத்தார். வந்தவர்களை வரவேற்க அதைவிட நல்ல பாட்டு இருக்க முடியாதுதான்.

அடுப்பங்கரையில் தாயார் எண்ணெயின் குரலை இழந்துவிட்டார். 'அண்ணா, கொஞ்சம் தணியுங்கள்' என்று அவர் கூப்பிட்டதும் அந்த அமளியில் அமிழ்ந்துபோயிற்று. வந்தவர்களுக்குக் காபி கொடுக்க வேண்டுமே என்ற பதற்றத்தில் யாரோ மிலாறு ஒரு பிடி அதிகமாக நுழைக்க, ஜ்வாலை எழும்பி, நிறத்தை மாத்திரம் நம்பி எடுத்த இரண்டு ஈடு, இருபத்திரண்டு வடைகள், பார்வைக்கு அழகாக வெந்திருந்தன. அத்தை ஒன்றைப் பிட்டுப் பார்த்தார். நடுவிலே வெள்ளை மாவு நூலாக இழுபட்டது.

இவ்வளவுக்கும் தாயார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கூடத்துக்கு வந்தார், தமையனாரின் காலைத் தொட்டு நமஸ்கரித்தார், நிமிர்ந்தபோது கை நீட்டிக் குமிழைத் திருப்பி ஒலியை அணைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, அந்தத் தோடியை விட்ட இடத்திலிருந்து போடு" என்றார். மாமா அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார்.

வேகாத வடைகளைத் தாயாரும் அத்தையும் சிறு சிறு துண்டுகளாகப் பிய்த்தார்கள். மிலாற்றை வெளியே இழுத்து, தணிந்த நெருப்பில் எண்ணெயை நிதானப்படுத்தி, பிய்த்த துண்டுகளை இரண்டாம் முறை போட்டார்கள். சளசளப்பு எழுந்தது, நாகஸ்வரம் மேல் ஷட்ஜத்தில் நின்று கொண்டிருந்தபோது அது இறங்க ஆரம்பித்தது, தாயார் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டிருந்து, பிறகு கரண்டியால் அள்ளினார். நறுக்கிய பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் அதே எண்ணெயிலே பொரித்து மேலே தூவி, ஒரு தாம்பாளத்தில் கூடத்துக்கு அனுப்பினார். அதற்குப் பெயர் என்ன என்று மாமி கேட்டதற்கு, அத்தை முகத்தில் சலனமே இல்லாமல், "சிலோன் பகோடா" என்றார்.

மத்தியானம் கறியும் சோறும் முடிந்து இலையெடுக்கும் வரை மாமா அந்தத் தாம்பாளத்தை விட்டு நகரவில்லை. அடுத்த வருஷம் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னதாக அவரிடமிருந்து ஒரு இன்லண்ட் கடிதம் வந்தது: குடும்பத்தோடு வருவதாகவும், வடை வேண்டாம், போன வருஷம் செய்த அந்தச் சிலோன் பகோடாவையே செய்ய வேண்டும் என்றும் எழுதியிருந்தார். நான் படித்துக் காட்டியதும், தாயார் புடைத்துக்கொண்டிருந்த முறத்தை நிறுத்தாமலே சொன்னார்:

"அப்படியானால் அந்தக் கேசட்டையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லி எழுது."